ஒற்றைப் படமும் சிவப்பு வட்டமும்: போலி மருந்தைக் ‘கண்டுபிடிப்போர்’ குறித்து

இடப்பக்கம் மருந்து நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்ட பளபளப்பான படம். வலப்பக்கம் யாரோ ஒருவர் சமையலறை மேசையில் வைத்துக் கைபேசியில் எடுத்த மாத்திரை அட்டை. வேறுபடும் இடங்களிலெல்லாம் சிவப்பு வட்டம். மேலே ‘அசல்’, ‘போலி’ என்று இரண்டு சொற்கள். இவ்வகைப் படங்கள் இன்று குடும்பக் குழுக்களிலும் குடியிருப்போர் சங்கக் குழுக்களிலும் ஓயாமல் சுற்றி வருகின்றன. இவற்றை அனுப்புவோரின் நோக்கத்தில் ஐயமில்லை, ஐயமெல்லாம் முறையில்தான். அசல் அட்டையைப் போலி என்று நம்பி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடும் முதியவருக்கும், வட்டமிட எதுவும் தென்படாததால் சுண்ணாம்புத் தூளை மருந்தென்று விழுங்கும் முதியவருக்கும் விளையும் கேடு ஒன்றே. தயாரிப்பாளரின் அதிகாரபூர்வப் படத்தை ஒப்புநோக்குக்கான மூலமாகக் கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அந்த ஒற்றைப் படமே மூலம் என்று கொள்வது பிழை. அப்பிழையை வளர்ப்பதில் தயாரிப்பாளர்களுக்கும் பெரும் பங்குண்டு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நிலைமையைக் கற்பித்துக்கொள்வோம். புணே நகரின் வடமேற்கே, முளா ஆறும் பவனா ஆறும் கூடுமிடத்தருகே இருப்பது தாபோடி. ராணுவப் பொறியியல் கல்லூரியும் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனையும் அமைந்த ஊர். 1954இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை நிற்கும் பிம்ப்ரி அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான்; மருந்துத் தயாரிப்பு என்பது அவ்வட்டாரத்திற்கு அயலான தொழிலன்று. அங்கே ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரிடம், 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரே பெயருள்ள இரத்த அழுத்த மாத்திரையின் இரண்டு அட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று தாபோடி ரயில் நிலையத்தருகே வாங்கியது. மற்றொன்று அடுத்த நிலையமான கட்கியில் வாங்கியது. அவருடைய பேரன் நிறுவனத்தின் படத்தைத் தரவிறக்கி இரண்டையும் அதனருகே வைத்துப் பார்க்கிறான். தாபோடி அட்டையில் ஐந்து வேறுபாடுகள் கிடைக்கின்றன. கியூஆர் குறியீடு இல்லை. தயாரிப்பிட முகவரி வேறு. அலுமினியத் தாளின் மீதுள்ள பெயர் ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறது. காலாவதித் தேதி மையால் அச்சிடப்படாமல் அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பு நிறம் படத்திலுள்ள சிவப்பைவிட மங்கல். ஐந்து வட்டங்கள் விழுகின்றன. கடைக்காரர் மோசடிக்காரர் ஆகிவிடுகிறார்.

இந்த ஐந்தில் ஒன்றுகூடத் தன்னளவில் போலிக்குச் சான்றாகாது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கியூஆர் குறியீடு. அதிகம் விற்பனையாகும் 300 மருந்துப் பெயர்களுக்கு அக்குறியீட்டைக் கட்டாயமாக்கும் விதித்திருத்தம் 2022 நவம்பரில் வெளியாயிற்று. நடைமுறைக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 1. அட்டையில் அச்சான தயாரிப்புத் தேதி 2023 ஜூன் என்றால் குறியீடு இல்லாதது இயல்பே. அத்துடன் விதி, குறியீட்டை மருந்தை நேரடியாக மூடியிருக்கும் உறையின் மீது இடச் சொல்கிறது. அங்கே இடம் போதாவிடில் வெளிப்பெட்டியின் மீது இடலாம் என்றும் இசைகிறது. நம் கடைகளில் பெட்டியைப் பிரித்து ஒற்றை அட்டையைக் கையில் கொடுப்பதே வழக்கம். சில இடங்களில் அட்டையையே கத்தரித்து ஐந்து மாத்திரை தருவார்கள். வெளிப்பெட்டியைக் கண்ணாலும் காணாத வாங்குநர் ‘குறியீடு இல்லை’ என்று அலறுவதில் பொருளில்லை. மாறாக, 300 பெயர்களுள் ஒன்றான மருந்தின் அட்டையில் 2024 ஜனவரி என்று தேதி இருந்து, அட்டையிலும் பெட்டியிலும் குறியீடே இல்லையென்றால் அது கடுமையான ஐயத்திற்குரியது. ஒரே வேறுபாடு ஒரு தேதிக்கு முன் ஒன்றுமில்லாததாகவும் அதன் பின் பெருங்குற்றச்சாட்டாகவும் ஆகிறது. தேதியற்ற ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு இதை எப்படி அறிவது? நிறுவனத்தின் இணையதளப் படத்தில் தயாரிப்புத் தேதி இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்பட்டிருக்கும்.

முகவரி வேறுபாடும் அத்தகையதே. ஒரே மருந்துப் பெயர் இமாசலப் பிரதேசத்தின் பத்தியிலும் சிக்கிமிலும் வெவ்வேறு ஆலைகளில் தயாராகலாம். வேறொரு நிறுவனம் செய்துகொடுக்க, பெயருக்குரிய நிறுவனம் விற்பனை மட்டும் செய்யலாம். ஆலை மாறினால் உரிம எண்ணும் மாறும். ஆகவே முகவரி படத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேட்பதைவிட, அட்டையிலுள்ள முகவரியும் உரிம எண்ணும் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று கேட்பதே பயன் தரும். ஒரு மாநிலத்தின் முகவரிக்குக் கீழே வேறொரு மாநில ஆலையின் உரிம எண் இருந்தால், அங்கே வட்டமிடலாம்.

பெயர் வெட்டுப்பட்டிருப்பது குறித்து: அலுமினியத் தாள் நீண்ட சுருளாக அச்சாகி வருகிறது. மாத்திரை நிரம்பிய குழிகளின் மீது அதைச் சூட்டினால் ஒட்டி, பின்பு அட்டை அட்டையாக வெட்டுகிறார்கள். அச்சும் வெட்டும் ஒன்றோடொன்று இசைந்து நிற்குமாறு இயந்திரத்தைக் கட்டுப்படுத்துவது செலவு மிகுந்தது என்பதால், பெயரும் எச்சரிக்கையும் திரும்பத் திரும்ப வருமாறு சுருளை அச்சிட்டு, வெட்டு எங்கு விழுந்தாலும் முழு வாசகம் ஒன்று எஞ்சும்படி அமைத்துவிடுவது பரவலான நடைமுறை. அத்தகைய பொதியலில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பத்து அட்டைகளும் பத்து விதமாக வெட்டுப்பட்டிருக்கும். நிறுவனத்தின் படமோ ஓவியர் கணினியில் வரைந்தது. அதில் வெட்டு நடுவில் விழவே விழாது. தேதியை மையால் அச்சிடுவதும் அழுத்திப் பொறிப்பதும் ஆலையிலுள்ள இயந்திரத்தைப் பொறுத்தவை. நிறத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஒளிரும் திரையில் காணும் சிவப்பையும், குழல்விளக்கின் கீழ் மின்னும் உலோகத்தாளில் காணும் சிவப்பையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுவது கண்ணுக்குச் செய்யும் கொடுமை.

இவ்வளவு வட்டங்களையும் போட்ட பேரன், கட்கியில் வாங்கிய அட்டைக்கு ஒரு வட்டமும் போடவில்லை. அதில் கியூஆர் குறியீடு இருக்கிறது. முன்பக்கம் படத்தைப் போலவே அழகாக இருக்கிறது. ஆனால் அதன் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில், மருந்தின் வேதிப்பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் அதைக் காணாததற்குக் காரணம் கவனக்குறைவு அன்று. நிறுவனத்தின் படம் முன்பக்கத்தை மட்டுமே காட்டுகிறது; ஒப்பிட வேண்டிய பக்கம் அவனிடம் இல்லை. குறியீட்டை வருடிப் பார்த்து நிறைவடைந்தான் என்றாலும் பயனில்லை. ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று விதி கேட்கவில்லை. மருந்தின் அடையாளக் குறியீடு, வேதிப்பெயர், வணிகப்பெயர், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, உரிம எண் ஆகிய எட்டு விவரங்களையே கேட்கிறது. அசல் அட்டை ஒன்றின் குறியீட்டைப் படமெடுத்து ஆயிரம் போலிகளில் அச்சிட்டால் ஆயிரமும் ஒழுங்காகவே பேசும். குறியீட்டுக்குள் இருக்கும் தொகுதி எண்ணும் தேதிகளும் அட்டையின் மேல் பொறித்திருப்பவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா என்பதையே பார்க்க வேண்டும். சோம்பேறிப் போலிக்காரர் இங்கேதான் அகப்படுவார்.

அப்படியானால் ஒப்புநோக்குத் தொகுப்பு எவ்வாறு அமைய வேண்டும்? அதிகாரபூர்வப் படம் அதில் முதல் ஏடாக இருக்கட்டும். பெயரின் எழுத்துக்கூட்டல், சின்னத்தின் வடிவம், எழுத்துருவின் சாயல், சொற்களின் வரிசை ஆகியவற்றில் தயாரிப்பாளர் கருதியது என்ன என்பதற்கு அதுவே சாட்சி. அதற்குப் பின் வர வேண்டியவை, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற மொத்த விற்பனையாளரிடமிருந்து சீட்டோடு வாங்கிய உண்மை அட்டைகள்: வெவ்வேறு மாதங்கள், வெவ்வேறு தொகுதிகள், இயன்றால் வெவ்வேறு ஆலைகள். ஒவ்வொன்றையும் இருபுறமும் நேர்மேலிருந்து, அருகே அளவுகோல் வைத்துப் படமெடுக்க வேண்டும். பின்பு விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து மேலும் ஒரு படம். பொறித்த எழுத்துகளும், பழைய தேதியைக் கரைப்பானால் அழித்துப் புதிய தேதி இட்ட தடமும் சாய்ந்த ஒளியில்தான் தெரியும். தொகுதி எண், தேதி, ஆலை, உரிம எண் நான்கையும் படத்தோடு எழுதிவைக்காவிட்டால் தொகுப்பு வெறும் படக்குவியலாகிவிடும்.

உண்மை அட்டைகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அறிவதே இத்தொகுப்பின் நோக்கம். ஐந்தாறு அசல்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எது அசையும், எது அசையாது என்பது தெளிவாகும். அச்சின் இடம் அசையும். மையின் அடர்த்தி அசையும். சின்னத்தின் அகலத்திற்கும் அதன் கீழுள்ள பெயரின் உயரத்திற்கும் உள்ள விகிதம், அச்சு வடிவமே மாற்றப்பட்டாலன்றி, அசையாது. அந்த விகிதத்தைத்தான் அளக்க வேண்டும். படம் நேராக எடுக்கப்பட்டிருந்தால், கருவி அருகில் இருந்ததா தொலைவில் இருந்ததா என்பது விகிதத்தைப் பாதிக்காது. அசல்களுக்கிடையே காணப்படாத வேறுபாடு ஐயத்திற்குரிய அட்டையில் காணப்பட்டால் மட்டுமே சிவப்பு மை எடுக்கலாம். அசல்களிலேயே காணப்படும் வேறுபாட்டுக்கு வட்டமிடுபவர் அச்சு இயந்திரத்தின் மீதுதான் குற்றம் சாட்டுகிறார்.

இம்முறை ஆய்வறையின் கற்பனை என்று ஒதுக்குவோருக்குத் தென்கிழக்காசியாவின் ஆர்டிசுனேட் வழக்கே விடை. மலேரியாவுக்கான அந்த மாத்திரையைச் சீனாவின் குயிலின் நிறுவனம் தயாரித்து வந்தது. போலிகள் பெருகவே அட்டையின் மீது முப்பரிமாணப் படவில்லை ஒட்டியது. போலிக்காரர்கள் முதலில் அரைகுறையாக நகலெடுத்தார்கள். பின்பு தாங்களும் உண்மையான முப்பரிமாண வில்லைகளையே அச்சிடத் தொடங்கினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் அலுவலகமும் இன்டர்போலும் ஆய்வாளர் பலரும் இணைந்து நடத்திய விசாரணையின் முடிவுகள் 2008இல் வெளியாயின. தயாரிப்பாளரின் அசலை மையத்தில் வைத்து, போலி வில்லைகளை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையும் அசலிலிருந்து எங்கே விலகுகிறது என்று அவர்கள் குறித்தார்கள். ஆராயப்பட்ட 391 மாதிரிகளில் 195ஐப் பொதியலின் தோற்றத்தைக் கொண்டே போலி என்று பிரித்தனர். வேதிப் பகுப்பாய்வு அந்த 195ஐயும் உறுதிசெய்தது. ஒரு மாத்திரையில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் இருக்க வேண்டிய மருந்து அவற்றில் இல்லவே இல்லை, அல்லது மிஞ்சினால் 12 மில்லிகிராம் இருந்தது.

கண்ணால் செய்த பிரிப்பு பொய்க்காமல் நின்றதற்கு, ஒப்பிட அசல் கையில் இருந்ததும், ஐயங்களை வகைப்படுத்தியதும், பின்பு வேதியியலிடம் தலைவணங்கியதும் காரணங்கள். சிறு அளவு மருந்து கலந்த போலிகள் மேலும் கொடியவை என்பதையும் குறிக்க வேண்டும். எளிய நிறமாற்றச் சோதனையை ஏமாற்றும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு, நோயைக் குணப்படுத்தும் ஆற்றல் இல்லை. படத்தில் தொடங்கிய அவ்விசாரணை, மாத்திரைக்குள் இருந்த கனிமத்தையும் மகரந்தத்தையும் ஆராய்ந்து, போலிகளில் சிலவேனும் தென்கிழக்குச் சீனத்தில் செய்யப்பட்டவை என்ற முடிவை நெருங்கிற்று. சீன அரசு கைது நடவடிக்கை எடுத்தது.

இனித் தயாரிப்பாளர்களிடம் வருவோம். 2024 செப்டம்பரில் மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட பட்டியலில், வீட்டுக்கு வீடு அறிந்த மருந்துப் பெயர்கள் சில தரச்சோதனையில் தவறியவையாக இடம்பெற்றன. அவற்றுள் சிலவற்றின் எதிரே ஒரு குறிப்பு இருந்தது: இத்தொகுதியைத் தாங்கள் தயாரிக்கவில்லை, இது போலி என்று நிறுவனம் தெரிவித்துள்ளது, இறுதி முடிவு விசாரணைக்கு உட்பட்டது. அக்கூற்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பட்டியல் என்பது வெறும் அட்டவணை. அதில் படம் கிடையாது. தம் அட்டையை எதனோடு ஒப்பிடுவது என்று வாசகருக்கு அது சொல்லாது. ‘எங்களுடையது அன்று’ என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு இருக்குமானால், ‘எங்களுடையது இதுதான்’ என்று காட்டும் கடமையும் அவருக்கே உரியது. பொதியலின் வடிவம் மாறும் ஒவ்வொரு முறையும், எந்தத் தேதியிலிருந்து, எந்த ஆலையிலிருந்து, முன்புறமும் பின்புறமும் எப்படி இருக்கும் என்ற படங்களை நிறுவனம் வெளியிட்டு, பழையவற்றை நீக்காமல் வைத்திருப்பதில் என்ன இடர்ப்பாடு? அந்த அச்சு வடிவங்களெல்லாம் அதன் கோப்பில் ஏற்கெனவே இருப்பவைதாம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: விவரங்களை வெளியிட்டால் போலிக்காரர் கற்றுக்கொள்வார். கேட்பதற்கு அறிவார்ந்ததாகத் தோன்றும் இவ்வாதம் நகைப்பிற்குரியது. போலிக்காரருக்கு இணையதளப் படம் எதற்கு? எந்தக் கடையிலும் சில பத்து ரூபாய்க்கு அசல் அட்டையையே வாங்கிக்கொள்கிறாரே. படத்தை மறைப்பதால் அறியாமையில் ஆழ்வது நோயாளியும் நேர்மையான சில்லறைக் கடைக்காரரும் மட்டுமே. உருப்பெருக்கியாலோ தனி ஒளியாலோ மட்டும் தெரியும் மறை அடையாளங்களை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். அதை எவரும் கேட்கவில்லை. வெளிப்படையாக அச்சிட்டு விற்பதை வெளிப்படையாகக் காட்டுங்கள் என்பதே கோரிக்கை.

ஒப்புநோக்கின் எல்லையையும் மறைக்கலாகாது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதிக் குழந்தைகளின் உயிரிழப்போடு தொடர்புபடுத்தப்பட்ட கோல்ட்ரிப் இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் உரிமம் பெற்ற ஆலையில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 விழுக்காடு. அந்தப் புட்டியின் ஒட்டுத்தாளைத் தயாரிப்பாளரின் படத்தோடு ஆயிரம் முறை ஒப்பிட்டாலும் ஒரு வட்டமும் விழாது. ஒட்டுத்தாள் அசல், உள்ளிருந்தது நஞ்சு. படம் சொல்லக்கூடியது, இதைச் செய்தவர் யார் என்பதைப் பற்றி மட்டுமே. என்ன செய்தார் என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

அதற்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது. சிவப்பு வட்டப் படங்களை அனுப்புவோரில் எத்தனை பேர் அதை அறிவார்கள் என்பதுதான் கேள்வி. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மருந்து வாங்கிய எவரும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கம், உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதனைக்கு அளித்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம் என்கிறது. தாபோடி முதியவரின் பேரன் செய்ய வேண்டியது அதுவே. கட்கி அட்டையின் பின்பக்கத்தில் விடுபட்ட எழுத்தைக் குறித்து, அதே மருந்தின் அசல் அட்டைகளின் படங்களையும் வாங்கிய சீட்டையும் இணைத்து, பிரிக்காத மாத்திரைகளோடு மகாராட்டிர உணவு, மருந்து நிர்வாகத்தை அணுக வேண்டும். தாத்தா மாத்திரையை நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு, சீட்டுத் தரும் வேறொரு கடையில் புதிய அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். தாபோடிக் கடைக்காரரின் பெயர் போட்டு அனுப்பிய ஐந்து வட்டப் படத்தை, அனுப்பிய எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்க வேண்டும்.